நேர்காணல் முடிந்த பிறகு அனுப்பும் மெயில்: என் வரைவைக் கொஞ்சம் பாருங்கள்

தக்கலை ஜெ | சனி, காலை 7:12

எல்லாருக்கும் வணக்கம். நேற்று குலசேகரம் பக்கம் ஒரு லேடெக்ஸ் கம்பெனியில் நேர்காணலுக்குப் போய் வந்தேன். வேலை, பால் கொள்முதலில் தரக்கட்டுப்பாடு. (மாட்டுப்பால் இல்லை, ரப்பர் பால். போன முறை இங்கே கேட்டபோது இரண்டு பேர் லாக்டோமீட்டர் பற்றி எழுதினார்கள்.) நான் கெமிஸ்ட்ரி படித்தவள். இரண்டு வருடமாக ஒரு பால் சேகரிப்பு மையத்தில் வேலை பார்க்கிறேன்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள்: எச்ஆர் மேடம், பிளாண்ட் மேனேஜர், அக்கவுண்ட்ஸ் சார். நன்றாகத்தான் போனது, ஒரே ஒரு கேள்வியைத் தவிர. இன்றைக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் போடலாம் என்று இருக்கிறேன். மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் சாரத்தை இங்கே தமிழில் தருகிறேன்:

> மதிப்பிற்குரிய மேடம், நேற்று என்னைச் சந்திக்க நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. உங்கள் நிறுவனத்தில் சேர மிகவும் ஆவலாக உள்ளேன். நான் வேதியியலில் பட்டம் பெற்று, இரண்டு ஆண்டுகள் ரப்பர் பால் சேகரிப்பு மையத்தில் தரப் பரிசோதனை செய்துள்ளேன். கடின உழைப்பும் குழுவாகச் செயல்படும் திறனும் எனக்கு உண்டு. என் சுயவிவரத்தை மீண்டும் இணைத்துள்ளேன். நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்.

போதுமா? எதையாவது சேர்க்கணுமா?

---

மார்த்தாண்டம் பையன் | சனி, காலை 7:40

அக்கா, 24 மணி நேரத்துக்குள் அனுப்பிடணும், அதுதான் முக்கியம். தாமதமானால் மரியாதை இல்லை என்று நினைப்பார்கள். வரைவு நல்லாத்தான் இருக்கு. சர்டிஃபிகேட் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரே பைலா இணைச்சுடுங்க, அவங்களுக்குத் தேடுற வேலை மிச்சம். நான் போன வருஷம் அப்படித்தான் செய்தேன், வேலை கிடைத்தது.

---

நாகர்கோவில் நிவே | சனி, காலை 8:05

எனக்கும் இதே பிரச்சினைதான். நேர்காணல் முடிந்து பதினெட்டு நாள் ஆகிவிட்டது, ஒரு தகவலும் இல்லை. மெயில் போட்டால் தொந்தரவாக நினைப்பார்களா? எத்தனை நாளைக்கு ஒரு முறை கேட்கலாம்?

---

ஓய்வில் ஒரு எச்ஆர் | சனி, காலை 8:31

நிவே, நீங்கள் கேட்பது வேறு மெயில். அது "என் விஷயம் என்ன ஆச்சு" என்று விசாரிப்பது. ஜெ கேட்பது மறுநாள் போடுவது. உங்களுக்குச் சுருக்கமாக: பதில் எப்போது வரும் என்று அவர்கள் சொன்ன தேதி தாண்டியிருந்தால் இரண்டு வரியில் ஒரு முறை கேளுங்கள். தேதியே சொல்லவில்லை என்றால் பதினெட்டு நாளுக்குப் பிறகு தாராளமாகக் கேட்கலாம். தனி இழை போடுங்கள், அங்கே வருகிறேன்.

ஜெ, உங்கள் வரைவைப் படித்தேன். நான் அந்த நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்தவன், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த மெயில் வந்தால் திறப்பேன், "சரி" என்று மூடிவிடுவேன். கெட்ட பெயர் வராது, ஆனால் ஒன்றும் நடக்காது. இதில் இருக்கிற ஒவ்வொரு வரியும் நேற்று மேசை மேல் கிடந்த உங்கள் பயோடேட்டாவில் ஏற்கெனவே இருந்தது. பட்டம் இருந்தது, இரண்டு வருஷம் இருந்தது. கடின உழைப்பு எல்லார் பயோடேட்டாவிலும் இருக்கும்.

அந்தப் பக்கம் என்ன நடக்கும் தெரியுமா? ஆட்கள் வந்து போன பிறகு மூன்று பேரும் ஆளுக்கொரு தாளில் கிறுக்கி வைத்திருப்பார்கள். "பேச்சு நன்று, பால் சோதிக்கும் மெட்ரோலாக் கருவி தெரியும், ஒரு கேள்வியில் திணறினார்" என்கிற மாதிரி. பிறகு ஒரு நாள் உட்கார்ந்து அந்தத் தாள்களை வைத்துத்தான் பேசுவார்கள். உங்கள் மெயில் அந்தத் தாளில் ஒரு வரியை மாற்றினால் பலன் உண்டு. மாற்றாவிட்டால் அது வெறும் மரியாதை.

24 மணி நேரம் என்று தம்பி சொன்னது பாதி சரி. சீக்கிரம் போவது நல்லதுதான், ஆனால் மரியாதைக்காக இல்லை. அவர்கள் உட்கார்ந்து பேசுவதற்கு முன்னால் போய்ச் சேரணும், அவ்வளவுதான். சர்டிஃபிகேட் இணைப்பது மட்டும் வேண்டாம். கேட்காத 8 எம்பி பைலை மொபைலில் யாரும் திறக்க மாட்டார்கள்.

"ஒரே ஒரு கேள்வியைத் தவிர" என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன கேள்வி?

---

தக்கலை ஜெ | சனி, காலை 9:02

பிளாண்ட் மேனேஜர் கேட்டது சார், டிஆர்சி பற்றி, அதாவது பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்பது பற்றி. "சேகரிப்பு மையத்தில் ஒரு விவசாயியின் பாலுக்கு டிஆர்சி 36 என்று குறித்திருக்கிறார்கள். ஆலைக்கு வந்த பிறகு லேபில் 33 என்று வருகிறது. அவர் சண்டைக்கு வருகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"மறுபடியும் சோதித்துப் பார்ப்பேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வேர்க்கிளம்பியில் பஸ் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பால் ஏற்கெனவே டேங்கில் கலந்திருக்கும், மறுபடி எதைச் சோதிப்பது? எங்கள் மையத்தில் இதே மாதிரி சண்டை வந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். அது வாயில் வரவே இல்லை.

---

ஓய்வில் ஒரு எச்ஆர் | சனி, காலை 9:10

அதுதான் உங்கள் மெயில். அந்த வழியை எழுதுங்கள், மற்றது எல்லாம் போகட்டும்.

---

குளச்சல் அண்ணன் | சனி, காலை 9:48

பொறு மக்கா, என் கதையைக் கேட்டுட்டு எழுது. பத்து வருஷத்துக்கு முன்னால் கல்ஃபில் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் சேஃப்டி ஆபீசர் வேலைக்கு இன்டர்வியூ. முடிந்ததும் யார்டைச் சுற்றிக் காட்டினார்கள். அன்று ராத்திரியே மெயில் போட்டேன்: "உங்கள் யார்டில் ஆறு குறைகள் கண்டேன்" என்று வரிசையாக. ஸ்கஃபோல்டில் டேக் இல்லை, கிரைண்டரில் பாதுகாப்பு மூடி இல்லை, கேஸ் சிலிண்டரைப் படுக்க வைத்திருக்கிறார்கள், இப்படி. ஆறும் உண்மை. புதிய விஷயமும்தான், பயோடேட்டாவில் ஒன்றுகூட இல்லை!

பதிலே வரவில்லை. பிறகு அங்கே வேலை பார்த்த நம்ம ஊர்க்காரர் சொன்னார், மெயில் நேராக அந்த யார்டின் சேஃப்டி மேனேஜரிடமே போயிருக்கிறது. இன்டர்வியூ எடுத்ததே அவர்தான். அவர் முகத்தில் நான் கரி பூசியிருக்கிறேன். அதனால் புதிய விஷயம் என்றாலும் யோசித்துப் போடு.

---

ஓய்வில் ஒரு எச்ஆர் | சனி, காலை 10:15

அண்ணன் சொன்னது நல்ல எச்சரிக்கை. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. அவரிடம் யாரும் யார்டில் குறை கேட்கவில்லை, ஜெ-யிடம் கேள்வி கேட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்விக்குள்ளேயே நிற்கிற வரை அது ஆடிட் ஆகாது, விட்டுப்போன பதில்தான். கேள்விக்கு வெளியே ஒரு அடி வைத்தாலும் குறை சொல்வதாகத்தான் படும்.

அப்புறம், புதிய விஷயம் ஒன்றே ஒன்று போதும். ஆறு எழுதினால் எது முக்கியம் என்று படிக்கிறவர் தேட வேண்டும், அதற்கு யாருக்கும் பொழுதில்லை.

---

தக்கலை ஜெ | சனி, மதியம் 12:20

எழுதிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்.

> மதிப்பிற்குரிய மேடம், நேற்றைய நேர்காணலுக்கு நன்றி. பதட்டத்தில் ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை, மன்னிக்கவும். டிஆர்சி வித்தியாசத்துக்குக் காரணம் அம்மோனியா கரைசல்தான். எடை போட்ட பிறகு கரைசல் ஊற்றி, அதன் பிறகு சாம்பிள் எடுத்தால் பால் நீர்த்துப்போய் டிஆர்சி குறையும். எனவே உங்கள் மையங்களில் எடையும் சாம்பிளும் ஒரே நேரத்தில் எடுக்கும் முறையைக் கொண்டுவர வேண்டும். எங்கள் மையத்தில் இதைச் செய்த பிறகு புகார் குறைந்தது. அதற்கான பதிவேட்டின் படத்தை இணைத்துள்ளேன்.

---

தோட்டம் தங்கப்பன் | சனி, மதியம் 1:05

நான் மெயில் எழுதுகிறவன் இல்லை, பால் கொடுக்கிறவன். பேச்சிப்பாறை ரோட்டில் ரெண்டு ஏக்கர். இந்தப் பிள்ளை சொல்கிற விஷயம் எனக்கு நேராக நடந்தது, அதனால் கணக்கைச் சொல்கிறேன்.

நூறு கிலோ பால், டிஆர்சி 36. அதாவது காய்ந்த ரப்பர் 36 கிலோ, காசு அதற்குத்தான். பால் உறையாமல் இருக்க அம்மோனியா கரைசல் ஊற்றுவார்கள். மூணு கிலோ ஊற்றினார்கள் என்று வை. இப்போ பேரலில் 103 கிலோ, ரப்பர் அதே 36. டிஆர்சி பார்த்தால் 35-க்கு ஒரு முடி கம்மி. எடையையும் இப்போதே போட்டால் 103-க்கு 35, அதே 36 கிலோதான் வரும், எனக்கு நஷ்டமில்லை. ஆனால் எடையை முன்னால் போட்டு (100), சாம்பிளைப் பின்னால் எடுத்தால் (35), 35 கிலோவுக்குத்தான் காசு. ஒரு கிலோ போச்சு. மாறிப்போனால், அதாவது சாம்பிள் முன்னால் எடை பின்னால் என்றால், கம்பெனிக்கு ஒரு கிலோ போகும். அப்போது மட்டும் உடனே கண்டுபிடிப்பார்கள்.

ஆனா பிள்ளே, ஒண்ணு கேக்கேன். 36-லிருந்து 35 சரி. அவர் கேட்டது 33 இல்லியா? மீதி ரெண்டு எங்கே போச்சு? "காரணம் அம்மோனியாதான்" என்று எழுதியிருக்கே. மூணு புள்ளி குறையணும்னா நூறு கிலோவுக்கு ஒம்பது கிலோ கரைசல் ஊத்தணும். அப்படி யாரும் ஊத்த மாட்டாங்க.

---

தக்கலை ஜெ | சனி, மதியம் 1:22

ஐயோ. ஆமாம் மாமா. நான் கணக்குப் போட்டே பார்க்கவில்லை. அனுப்பியிருந்தால் மேனேஜர் ஒரு நிமிஷத்தில் பிடித்திருப்பார்.

---

தோட்டம் தங்கப்பன் | சனி, மதியம் 1:40

பிடிப்பார். அவருக்கு அதுதான் வேலை. மீதிக்கு நான் பார்த்த வரை ரெண்டு காரணம். ஒண்ணு, பேரலைச் சரியாகக் கலக்காமல் மேலே இருந்து மொண்டு எடுப்பது. மேலே திரண்டு நிற்கிற பாலில் ரப்பர் கூடுதல். ரெண்டு, மையத்தில் பார்ப்பது மெட்ரோலாக். அது மிதக்கிற குழாய், தண்ணீர் கலந்து பார்க்கிற உத்தேசக் கணக்கு. ஆலை லேபில் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, அழுத்தி, ஓவனில் காயவைத்து எடை போடுகிறார்கள். ரெண்டும் ஒரே எண்ணைக் காட்டணும்னு இல்லை. தண்ணீர் கலக்கிறதில் கொஞ்சம் கை மாறினாலே மெட்ரோலாக் மாறும்.

---

ஓய்வில் ஒரு எச்ஆர் | சனி, மதியம் 2:30

தங்கப்பன் அண்ணாச்சி என் வேலையைப் பாதி முடித்துவிட்டார். இந்த மெயில் போகும் இடத்தில் உங்களைவிட விஷயம் தெரிந்தவர் இருப்பார். பயோடேட்டாவைத் திருப்பிச் சொல்லும் மெயில் யாருக்கும் வலிக்காது. புதிய விஷயம் சொல்லும் மெயிலில் தப்பு இருந்தால், நேர்காணலில் திணறியதைவிட மோசம். அங்கே பதட்டம் என்று விட்டுவிடுவார்கள், மெயிலை யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மற்ற மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

"பதட்டத்தில்... மன்னிக்கவும்" வேண்டாம். நீங்கள் திணறியதை எச்ஆர் மேடம் கவனித்தே இருக்க மாட்டார், நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள். "அப்போது இன்னது சொன்னேன், இதைச் சொல்ல விட்டுவிட்டேன்" என்று நேராக எழுதுங்கள்.

"உங்கள் மையங்களில் கொண்டுவர வேண்டும்" என்பது குளச்சல் அண்ணனின் யார்டு. அவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறார்களோ என்னவோ, உங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைசியாக, பதிவேட்டின் படம். இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் விவசாயிகள் பெயர் இருக்கும், எடை இருக்கும், உங்கள் இப்போதைய முதலாளியின் கணக்கு இருக்கும். ஒரு முறை ஒரு பையன், நல்ல கெட்டிக்காரன், தான் வேலை பார்த்த இடத்தின் ஸ்டாக் அறிக்கையை இணைத்து அனுப்பினான், தன் வேலை எவ்வளவு நேர்த்தி என்று காட்ட. நேர்த்தியாகத்தான் இருந்தது. எங்கள் எம்டி பார்த்துவிட்டுக் கேட்டார்: "நாளைக்கு நம்முடையதை யாருக்கு அனுப்புவான்?" அதோடு முடிந்தது. முறையைச் சொல்லலாம், பதிவேட்டைக் காட்டக்கூடாது.

---

மார்த்தாண்டம் பையன் | சனி, மதியம் 2:52

சார், நன்றி மெயிலுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? நம்ம ஊர் கம்பெனியில் மெயிலை யார் பார்க்கிறார்கள்? இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவதே வாட்ஸப்பில். அக்கா, எச்ஆர் மேடத்துக்கு வாட்ஸப்பிலேயே போட்டுவிடுங்கள், நீல டிக் வந்தால் படித்தாச்சு என்று தெரிந்துவிடும்.

---

குளச்சல் அண்ணன் | சனி, மாலை 3:10

பையன் சொல்வதிலும் விஷயம் இருக்கு. நம்ம பக்கத்துச் சின்னக் கம்பெனிகளில் எச்ஆர், அக்கவுண்ட்ஸ், கேட் பாஸ் எல்லாம் ஒரே ஆள். மெயிலை வாரத்துக்கு ஒரு தடவை திறப்பார்கள்.

---

தக்கலை ஜெ | சனி, மாலை 3:18

எனக்கு அழைப்பு மெயிலில்தான் வந்தது. வழி கேட்டபோது மட்டும் மேடம் வாட்ஸப்பில் லொக்கேஷன் அனுப்பினார்கள்.

---

ஓய்வில் ஒரு எச்ஆர் | சனி, மாலை 3:40

அப்படியானால் அந்த அழைப்பு மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள், புதிதாகத் தொடங்காதீர்கள். உங்கள் பெயர், பதவி, நேர்காணல் தேதி எல்லாம் கீழேயே இருக்கும். மேடம் பிளாண்ட் மேனேஜருக்குத் தள்ளிவிட ஒரு சொடுக்குப் போதும். மேனேஜரின் முகவரி உங்களுக்குத் தரப்படவில்லை என்றால் ஊகித்துப் போடவும் வேண்டாம். இந்த மெயிலைப் புரிந்துகொள்ளப் போகிறவர் அவர்தான், ஆனால் மேடம் வழியாகப் போவதுதான் முறை.

வாட்ஸப்பைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம்தான். அதில் வந்தது மேடத்தின் போனிலேயே கிடக்கும், மூன்று பேர் உட்காரும்போது தாளோடு தாளாக வராது. ஆனால் அழைப்பே வாட்ஸப்பில் வந்திருந்தால் நானும் அதிலேயே அனுப்பு என்றுதான் சொல்லியிருப்பேன். இதில் பையனோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். மொபைலில் மெயில் வந்தால் திறப்பதற்கு முன் ஒரு வரி, ஒன்றரை வரிதான் தெரியும். அந்த இடத்தில் "நேரம் ஒதுக்கியதற்கு நன்றி" என்று இருந்தால் எல்லா மெயிலும் ஒன்றுதான். அவர்கள் கேட்ட கேள்வியே அங்கே இருக்கட்டும். நன்றியைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

---

நாகர்கோவில் நிவே | சனி, மாலை 4:25

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கணும். இதெல்லாம் படித்ததும் ஒரு சந்தேகம். நான் எல்லாக் கேள்விக்கும் நன்றாகப் பதில் சொல்லிவிட்டேன் என்றால் என்ன எழுதுவது? விட்டுப்போன பதில் இல்லையே.

---

ஓய்வில் ஒரு எச்ஆர் | சனி, மாலை 4:50

நல்ல கேள்வி. பேச்சில் அவர்கள் இரண்டு முறை திரும்பி வந்த விஷயம் ஒன்று இருக்கும். "ஆட்கள் நிற்பதில்லை", "மழைக்காலத்தில் பால் வரத்து இல்லை" என்று ஏதாவது புலம்பியிருப்பார்கள். அதில் நீங்கள் கையால் செய்த ஒன்று இருந்தால், பயோடேட்டாவில் இல்லாதது, அதை எழுதலாம். அப்படி எதுவும் இல்லை என்றால் மூன்று வரி நன்றியோடு நிறுத்துங்கள். வலிந்து ஒன்றை உருவாக்கினால் உடனே தெரிந்துவிடும். பதினெட்டு நாளுக்குப் பிறகு நீங்கள் இதைச் செய்ய வேண்டாம், அந்த நேரம் போய்விட்டது.

---

தக்கலை ஜெ | சனி, மாலை 6:35

மூன்றாவது வரைவு. தங்கப்பன் மாமா, கணக்கை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

> மதிப்பிற்குரிய மேடம்,
>
> மையத்தில் 36, ஆலை லேபில் 33 என்று டிஆர்சி வந்தால் என்ன செய்வீர்கள் என்று பிளாண்ட் மேனேஜர் நேற்று கேட்டார். மறுபடி சோதிப்பேன் என்று சொன்னேன். அதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்.
>
> எடையும் சாம்பிளும் ஒரே கட்டத்தில் எடுக்கப்பட்டனவா என்று முதலில் பார்ப்பேன். ஒன்று அம்மோனியா கரைசல் ஊற்றுவதற்கு முன்னும் மற்றது பின்னும் எடுக்கப்பட்டிருந்தால், யாரும் தவறு செய்யாமலே கணக்கு இடிக்கும். 100 கிலோ பாலுக்கு 3 கிலோ கரைசல் என்று வைத்துக்கொண்டால் 36 என்பது ஏறக்குறைய 35 ஆகும். மூன்று புள்ளி வித்தியாசத்தில் இது ஒன்றைத்தான் விளக்கும். மீதிக்குப் பேரல் நன்றாகக் கலக்கப்பட்டதா என்பதையும் மெட்ரோலாக் பார்த்த விதத்தையும் பார்க்க வேண்டும்.
>
> இதை உறுதிசெய்ய, ஒரே பேரலில் கரைசலுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சாம்பிள் எடுத்து இரண்டையும் லேபுக்கு அனுப்பினால் மறுநாள் தெரிந்துவிடும். நான் வேலை செய்யும் மையத்தில் வந்த ஒரு தகராறை இப்படித்தான் தீர்த்தோம். உங்கள் ஆலையின் நடைமுறை எனக்குத் தெரியாது, நேற்றைய கேள்விக்கான பதிலாக மட்டும் எழுதுகிறேன்.
>
> பிளாண்ட் மேனேஜருக்கும் இதை அனுப்பிவைத்தால் நன்றியுடையவளாவேன். நேற்று நேரம் தந்ததற்கு நன்றி.

---

தோட்டம் தங்கப்பன் | சனி, இரவு 7:10

கணக்கு சரி. ரெண்டு சாம்பிள் யோசனை நல்லா இருக்கு. எங்க மையத்தில் ஒருத்தனும் அதைச் சொன்னதில்லை.

---

மார்த்தாண்டம் பையன் | சனி, இரவு 7:26

அக்கா, "ஒன்றைத்தான் விளக்கும்" என்பதை எடுத்துடுங்க. நாமே ஏன் நம்ம பதில் அரைகுறை என்று காட்டிக் கொடுக்கணும்? மேனேஜர் கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

---

ஓய்வில் ஒரு எச்ஆர் | சனி, இரவு 7:50

நான் இருக்கட்டும் என்பேன். அவர் மனதிலேயே கணக்குப் போடுவார், 33-க்கு எட்டவில்லை என்று அந்த இடத்தில் நிற்பார். அடுத்த வரியிலேயே ஜெ அதைச் சொல்லிவிட்டால் மேலே படிப்பார். தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் தேடுவதும் அந்தக் கண்ணைத்தான். விற்பனை வேலையாக இருந்தால் ஒருவேளை பையன் சொன்னதை யோசித்திருப்பேன்.

"தீர்த்தோம்" என்று பன்மையில் எழுதியிருக்கிறீர்கள். அதில் உங்கள் பங்கு என்ன? மேனேஜர் கூப்பிட்டால் முதலில் அதைத்தான் கேட்பார்.

---

தக்கலை ஜெ | சனி, இரவு 8:04

யோசனை எங்கள் மையத்துப் பொறுப்பாளருடையது சார். ஒரு வாரம் இரண்டு பாட்டிலில் சாம்பிள் எடுத்து, லேபிள் ஒட்டி, எண்களை எழுதி வைத்தது நான்.

---

ஓய்வில் ஒரு எச்ஆர் | சனி, இரவு 8:09

அப்படியே எழுதுங்கள். "பொறுப்பாளர் சொன்னபடி ஒரு வாரம் சாம்பிள் எடுத்துப் பதிவு செய்தது நான்." யோசனையும் உங்களுடையது என்று அவர் நினைத்துக்கொண்டால் பின்னால் சங்கடம்.

---

குளச்சல் அண்ணன் | சனி, இரவு 8:40

எனக்கு இன்னும் ஒரு உறுத்தல். அந்த ஆலையிலேயே எடை முன்னால், சாம்பிள் பின்னால் என்று நடந்துகொண்டிருந்தால்? தெரிந்தே நடந்தால்? "நடைமுறை எனக்குத் தெரியாது" என்று எவ்வளவு பணிவாக எழுதினாலும் குத்தும்.

---

தோட்டம் தங்கப்பன் | சனி, இரவு 8:55

அப்படித் தெரிந்தே நடக்கிற இடம் என்றால் இந்தப் பிள்ளை அங்கே போகாமல் இருப்பதே நல்லது.

---

குளச்சல் அண்ணன் | சனி, இரவு 9:03

சொல்வது எளிது அண்ணாச்சி. வேலை வேணுமே.

---

தக்கலை ஜெ | சனி, இரவு 9:30

அனுப்பிவிட்டேன். அந்த "தீர்த்தோம்" வரியை மாற்றினேன், "ஒன்றைத்தான் விளக்கும்" என்பதை விட்டுவைத்தேன். அம்மா கேட்கிறாள், காலையிலிருந்து போனில் என்ன எழுதுகிறாய் என்று.

---

தக்கலை ஜெ | வியாழன், மாலை 5:45

என்ன ஆச்சு என்று நிவே கேட்டிருந்தாள். திங்கட்கிழமை மேடத்திடமிருந்து ஒரு வரி வந்தது: கிடைத்தது, பிளாண்ட் மேனேஜருக்கு அனுப்பியிருக்கிறேன் என்று. இன்று மதியம் அவரே போன் செய்தார். ஆறு நிமிஷம் பேசினார். முதலில், எச்ஆர் சார் சொன்னது மாதிரியே, அந்த ஒரு வாரம் நான் என்ன செய்தேன் என்று கேட்டார். பாட்டிலுக்கு லேபிள் எப்படி ஒட்டினேன், பேரலை எப்படிக் கலக்கினேன் என்பது வரை.

பிறகு ஒரு கேள்வி போட்டார்: "லேப் முடிவு மறுநாள்தான் வரும். விவசாயி இன்றைக்கே எண்ணைக் காட்டு என்று நிற்கிறார். மெட்ரோலாக் எண்ணைக் காட்டுவீர்களா, மாட்டீர்களா?" காட்டுவேன், ஆனால் இது உத்தேசம்தான், காசு லேப் கணக்குப்படி என்று சீட்டிலேயே எழுதிக் கொடுப்பேன் என்றேன். "ம்" என்றார். அடுத்த வாரம் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார். நல்ல "ம்"-ஆ கெட்ட "ம்"-ஆ தெரியவில்லை.

---

மார்த்தாண்டம் பையன் | வியாழன், மாலை 6:02

போன் வந்தாலே பாதி வேலை கிடைச்ச மாதிரி அக்கா!

---

ஓய்வில் ஒரு எச்ஆர் | வியாழன், மாலை 6:20

அப்படிச் சொல்ல முடியாது தம்பி. இன்னும் இரண்டு பேருக்குப் போன் செய்திருக்கலாம். சம்பளத்தில் இடிக்கலாம், ஆலைக்குப் பக்கத்து ஆள்தான் வேண்டும் என்று முடிவு செய்யலாம். அதெல்லாம் மெயிலின் கையில் இல்லை. ஜெ, இனி அவர்களாகச் சொல்லும் வரை ஒன்றும் அனுப்ப வேண்டாம். போனில் சொன்னதை விளக்கி இன்னொரு மெயில் போட கை துறுதுறுக்கும், போடாதீர்கள்.

---

தோட்டம் தங்கப்பன் | வியாழன், இரவு 7:15

பிள்ளே, சீட்டில் எழுதிக் கொடுப்பேன்னு சொன்னியே, "உத்தேசம்"னு எழுதின சீட்டை எந்த விவசாயி வாங்குவான்? நான் வாங்க மாட்டேன். அந்த மேனேஜர் இதுக்கு என்ன பதில் வச்சிருக்கார்னு தெரிஞ்சா இங்கே போடு. எனக்கு நாளைக்குக் காலையிலே பால் கொண்டுபோகணும். மழை பெய்யாமல் இருந்தா.